பூட்டின ரூம் கொலை: "விழுந்துச்சு"க்கும் "கிடந்துச்சு"க்கும் நடுவுல

"பூட்டின ரூமுக்குள்ள கொலைன்னு ஒரு கதை எழுதிட்டு இருக்கேன். படிச்ச ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் முடிவைப் பார்த்துட்டு 'இது போங்காட்டம்'னு சொல்லிட்டாங்க. இந்த மாதிரி கதைக்கு வழக்கமா என்னென்ன தீர்வு இருக்கு, வாசகன் போங்குன்னு சொல்லாத மாதிரி எப்படி எழுதறது?"

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், போங்காட்டம்னு சொன்னவங்க உங்களுக்கு நல்லது பண்ணியிருக்காங்க. கண்டுபிடிக்க முடியாம தோத்துப் போன வாசகன் "ச்சே, பார்த்தேனே, பார்த்துட்டே தாண்டிப் போயிட்டேனே"ன்னு சொல்லுவான், அவனுக்கு அந்தத் தோல்வி பிடிக்கும். போங்குன்னு சொல்றவன் வேற ஆள், ஆட்டம் நடக்கும்போது நீங்க கோட்டை நகர்த்தி வச்சுட்டீங்கன்னு அவனுக்குத் தோணியிருக்கு. நான் ரொம்ப வருஷமா துப்பறியும் கதைகளை எடிட் பண்ணிட்டு இருக்கேன், சொந்தமாவும் எழுதறேன், என் கைக்கு வந்த பூட்டின ரூம் கதைகள்ல பாதிக்கு மேல தந்திரம் நல்லாத்தான் இருந்துச்சு, தப்பு இருந்தது அந்தத் தந்திரத்தைச் சொன்ன வாக்கியங்கள்ல. அதனால வகைகளைச் சீக்கிரமா சொல்லிட்டு அந்த வாக்கியங்கள் பக்கம் வரேன். நடுவுல நூறு வருஷத்துக்கு மேல ஆன மூணு கதைகளோட முடிவைச் சொல்ல வேண்டியிருக்கு, அதெல்லாம் இனிமேதான் படிக்கணும்னு வச்சிருக்கறவங்க அடுத்த ரெண்டு பத்தியைத் தாண்டிடுங்க.

வகைப்படுத்தற வேலையை ஏற்கனவே ஒருத்தர் பண்ணி வச்சுட்டார். ஜான் டிக்சன் கார் 1935ல எழுதின "தி ஹாலோ மேன்" நாவல்ல 17வது அத்தியாயம் முழுக்க ஒரு லெக்சர்தான், கதைக்குள்ள இருக்கற துப்பறிவாளர் டாக்டர் ஃபெல் உட்கார்ந்து பூட்டின ரூம் தீர்வுகளை ஏழு வகையாப் பிரிச்சுச் சொல்லுவார், அப்புறம் கதவுல பண்ற தில்லுமுல்லுக்குன்னு தனியா அஞ்சு வழி சொல்லுவார். அதை மனப்பாடம் பண்ணவேண்டிய அவசியம் இல்லை. நான் எடிட் பண்ணும்போது அத்தனையையும் ஒரே கேள்வியாச் சுருக்கிக்குவேன்: கதவு பூட்டியிருந்த நேரத்தோட ஒப்பிட்டா கொலை எப்போ நடந்துச்சு? பூட்டறதுக்கு முன்னாடியா, பூட்டியிருக்கும்போதா, திறந்ததுக்கு அப்புறமா. முன்னாடின்னா, ஆள் செத்த பிறகும் உயிரோட இருக்கற மாதிரி ஒரு தோற்றத்தை உண்டாக்கியிருக்கணும், இல்ல பட்ட காயத்தை அவரே மறைச்சிருக்கணும். கஸ்தோன் லெரூ 1907ல தொடரா எழுதின "மஞ்சள் அறை மர்மம்" இந்த ஜாதி, அந்தப் பெண்ணைத் தாக்கினது முன்னாடியே நடந்து முடிஞ்சிருச்சு, ராத்திரி பூட்டின ரூமுக்குள்ளேருந்து கேட்ட அலறல் கெட்ட கனவு கண்டதால வந்தது. அப்புறம்னா, கதவைத் திறந்துட்டு முதல்ல உள்ள போனவன்தான் கொலைகாரன், இஸ்ரேல் ஸாங்வில் 1891ல லண்டன்ல ஒரு பத்திரிகையில தொடரா எழுதின "தி பிக் போ மிஸ்டரி" இதுதான். மயக்கமருந்துல தூங்கிட்டு இருந்தவரை, கதவை உடைச்சுட்டு முதல்ல உள்ள நுழைஞ்சவரே அந்த நொடியில முடிச்சுடறார், கூட வந்த வீட்டுக்காரம்மா பிணத்தைத்தான் பார்த்தேன்னு நம்பிடறாங்க.

பூட்டியிருக்கும்போதுன்னா, ஏதோ ஒண்ணு உள்ள போயிருக்கணும், இல்லன்னா உள்ளேயே முன்கூட்டி வச்சிருக்கணும். 1892ல வந்த ஹோம்ஸ் கதை ஒண்ணுல காற்றுத் துவாரம் வழியா பாம்பு வரும். அந்தக் கதையை அறிவியல் பக்கமா நிறைய பேர் கேலி பண்றாங்க, பாம்பு கிண்ணத்துல பால் குடிக்குமா, விசில் சத்தத்துக்குத் திரும்பி வருமான்னு கேக்கறாங்க, கேக்கறது சரிதான். ஆனா வாசகனுக்கு நியாயமா நடந்துக்கற விஷயத்துல அது இன்னைக்கும் பாடம். காற்று வெளியே போகாம பக்கத்து ரூமுக்கு மட்டும் போற துவாரம், இழுத்தா அடிக்காத மணிக்கயிறு, நகர்த்த முடியாம தரையோட பூட்டின கட்டில், மூணையும் கானன் டாயில் முடிவுக்கு ரொம்ப முன்னாடியே நம்ம கண்ணு முன்னாடி வச்சிருப்பார். துவாரம், கயிறு, அசையாத கட்டில், மூணையும் ஒரு கோட்டுல சேர்த்துப் பார்த்தா மேலேருந்து ஏதோ இறங்கி வருதுன்னு யாருக்கும் தெரியும். நாம சேர்க்கறதில்லை, அவ்வளவுதான்.

இந்த மூணு காலத்துக்கும் வெளிய நாலாவதா ஒண்ணு இருக்கு, ரூம் பூட்டவே படலை, எல்லாரும் பூட்டியிருந்துச்சுன்னு நம்பினாங்க. தற்கொலையைக் கொலை மாதிரி காட்டறது, விபத்து, இதெல்லாமும் இருக்கு, அதுக்குள்ள இப்போ போகலை. ரகசிய வழியைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை. ரொனால்ட் நாக்ஸ் 1929ல துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளை எழுதினார், அதுல ரகசிய அறையோ வழியோ ஒண்ணுக்கு மேல கூடாதுன்னு இருக்கும். பூட்டின ரூம் கதைக்கு அந்த ஒண்ணு கூட ஜாஸ்தி. "பூட்டின ரூமுக்குள்ளேருந்து எப்படி வெளிய போனான்"னு கதை முழுக்கக் கேட்டுட்டு கடைசில "அது பூட்டின ரூமே இல்ல, அலமாரிக்குப் பின்னாடி வழி இருந்துச்சு"ன்னா கேள்வியையே திரும்ப வாங்கிட்டீங்கன்னு அர்த்தம். யாருக்கும் தெரியாத டூப்ளிகேட் சாவியும் இதே கணக்குதான். அப்போ நான் சொன்ன நாலாவது வகையும் அதே போங்குதானேன்னு கேப்பீங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு, அதை ஒரு உதாரணம் வச்சுத்தான் காட்ட முடியும், அதனால ஒரு ரூமை நானே கட்டறேன்.

ஒரு வீட்டு மாடியில ஒரு பெரியவரோட படிப்பறை. ஒரே கதவு, உள்பக்கமா திறக்கற கதவு. ஜன்னலுக்கெல்லாம் கெட்டியான கம்பி. கதவுல சாவிப் பூட்டு கிடையாது, சாதாரண கைப்பிடி ஒண்ணு, உள்பக்கம் கதவு மேலேயே ஸ்க்ரூ போட்டு வச்ச ஒரு தாழ்ப்பாள், அந்தத் தாழ்ப்பாள் கம்பி போய் நுழையறதுக்கு நிலைச்சட்டத்துல ஒரு இரும்பு வளையம், அதுவும் ரெண்டு ஸ்க்ரூல நிக்குது. பெரியவர் ராத்திரி உள்ள போனா காலையில அவரே வெளிய வர்ற வரைக்கும் யாரும் கதவைத் தொடக்கூடாது, தட்டலாம், திறக்கக்கூடாது, அது அந்த வீட்டுச் சட்டம். ஒருநாள் காலையில ஏழு மணிக்கு வீட்டு வேலை பார்க்கற அம்மா தட்டறாங்க, பதில் இல்லை. பயந்துபோய் பக்கத்து ரூம்ல தூங்கற, பெரியவரோட அண்ணன் மகனைக் கூப்பிடறாங்க. அவன் எதிர் வீட்டு டாக்டரையும் கூட்டிட்டு வரச் சொல்றான். மூணு பேரும் மாடிக்கு வராங்க. அண்ணன் மகன் கைப்பிடியைப் பிடிச்சுத் தள்ளறான், அசையலை, உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்குங்கறான். தோளைக் கொடுத்து ரெண்டு தடவை இடிக்கறான், மூணாவது இடியில கதவு திறந்துக்குது. பெரியவர் கதவுலேருந்து ரெண்டு எட்டு தள்ளி விழுந்து கிடக்கார், கழுத்துல வெட்டு, கையில கத்தி. கதவுல தாழ்ப்பாள் கம்பி வெளிய நீட்டிட்டு இருக்கு, நிலையில வளையம் இல்லை, தரையில கிடக்கு. தாழ்ப்பாள் போட்டிருந்த கதவை உடைச்சிருக்காங்க, உள்ள வேற யாரும் இல்லை, ஆக தற்கொலை.

நடந்தது என்னன்னா, அண்ணன் மகன் ராத்திரி பதினொரு மணிக்குக் கொன்னுட்டான். ஸ்க்ரூடிரைவரால வளையத்தைக் கழட்டித் தரையில போட்டான், தாழ்ப்பாள் கம்பியை வெளிய நீட்டி விட்டான், கதவைச் சாத்திட்டுப் போய்ப் படுத்துட்டான். கதவுக்குப் பூட்டே இல்லை ராத்திரி முழுக்க. காலையில மத்த ரெண்டு பேரும் பின்னாடி நிக்க, கைப்பிடியைத் திருப்பாம தள்ளற மாதிரி தள்ளினான், ரெண்டு தடவை தோளால இடிச்சான், மூணாவது தடவை இடிக்கும்போதே கைப்பிடியைத் திருப்பினான். வேற மெக்கானிசம் எதுவும் இல்லை, ஐஸ் கட்டி இல்லை, நூல் இல்லை. ஜான் டிக்சன் கார் சொன்ன அஞ்சு கதவு வழிகள்ல கடைசி வழிக்கு இது சொந்தக்காரப் பிள்ளை, அவர் சொன்னதுல கொலைகாரன் வெளியேருந்து பூட்டிட்டு சாவியைக் கையோட வச்சிருந்து, கதவுக் கண்ணாடியை உடைச்சுக் கையை உள்ள விட்டு, சாவியை உள்பக்கப் பூட்டுல "கண்டுபிடிப்பான்".

இப்போ இது ஏன் ரகசிய வழி மாதிரி போங்கு ஆகலைன்னு பாருங்க. ரகசிய வழியில வாசகன்கிட்ட இல்லாத ஒரு பொருளை நீங்க கடைசில கொண்டு வர்றீங்க. இங்க புதுசா எந்தப் பொருளும் வரலை. தாழ்ப்பாள், வளையம், தரை, கதவு, மூணு பேர், எல்லாம் முதல்லேருந்து அவன் கையில இருக்கு. அவன்கிட்ட தப்பா இருந்தது ஒரே ஒரு நம்பிக்கை, கதவு பூட்டியிருந்துச்சுங்கறது. அந்த நம்பிக்கையை அவனுக்கு யார் கொடுத்தாங்க? கொலைகாரன் வாயால சொன்னான், அப்போ சரி. கதை சொல்ற குரல் சொல்லிச்சுன்னா, நீங்க பொய் சொல்லிட்டீங்க.

இந்த இடத்துலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க, அதனால வாக்கியத்தை வச்சே காட்டறேன். ஒருத்தர் இந்தக் காட்சியை இப்படி எழுதலாம்: "உள்ளே தாழிட்டிருந்த கதவை மூவரும் சேர்ந்து உடைத்தார்கள். நிலையில் இருந்த வளையம் பிய்ந்து தரையில் விழுந்தது." இந்த ரெண்டு வாக்கியத்துல மூணு பொய் இருக்கு. கதவு தாழிட்டிருக்கலை. மூணு பேரும் உடைக்கலை, ஒருத்தன்தான் இடிச்சான். வளையம் அப்போ விழலை, ராத்திரியே கழட்டிப் போட்டது. இதையே இப்படி எழுதிப் பாருங்க: "அவன் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினான். கதவு அசையவில்லை. 'உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கு' என்றான். தோளால் இடித்தான். இன்னொரு முறை. மூன்றாவது இடியில் கதவு திறந்துகொண்டது. வளையம் தரையில் கிடந்தது." ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. கதவு அசையலைங்கறது உண்மை, ஏன்னா அவன் கைப்பிடியைத் திருப்பலை. திறந்துகொண்டதுங்கறது உண்மை, உடைஞ்சதுன்னு சொல்லலை. கிடந்தது உண்மை, விழுந்ததுன்னு சொல்லலை. நம்ம பாஷையில "விழுந்தது"க்கும் "கிடந்தது"க்கும் நடுவுல ஒரு கொலையையே ஒளிச்சு வைக்க முடியும். வேகமாப் படிக்கறவன் "கிடந்தது"ங்கறதை "விழுந்து கிடந்தது"ன்னு அவனாவே நிரப்பிக்குவான், நிரப்பினது அவன், நீங்க இல்லை. அப்புறமா திரும்பிப் போய்ப் பார்க்கும்போது அந்த வார்த்தை அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

கதையை "நான்"னு ஒருத்தர் சொல்றதா எழுதினா, அதாவது அந்த டாக்டரே கதை சொல்றார்னு வச்சுக்கங்க, இது கொஞ்சம் சிக்கலாகும். டாக்டர் தப்பா நம்பலாம், அவர் மனுஷன்தானே, "தாழ்ப்பாளை உடைச்சுட்டுத்தான் உள்ள போனோம்"னு அவர் சொன்னா அது அவரோட நம்பிக்கை. சில எழுத்தாளர்கள் இது போதும்ங்கறாங்க, சிலர் ஒத்துக்கறதில்லை, இதுல எல்லாரும் ஏத்துக்கற தீர்ப்புன்னு ஒண்ணும் கிடையாது. நான் வச்சிருக்கற எல்லை இதுதான்: அவர் முடிவு பண்ணினதைத் தப்பாச் சொல்லலாம், கண்ணால பார்த்ததைத் தப்பாச் சொல்லக்கூடாது. "வளையம் பிய்ஞ்சு விழறதைப் பார்த்தேன்"னு டாக்டர் சொன்னா போச்சு, அவர் பார்க்காத ஒண்ணைப் பார்த்ததா எழுதியாச்சு.

பொய் சொல்லாம இருக்கறது பாதி வேலைதான். மீதிப் பாதி, வாசகன் நினைச்சா கண்டுபிடிக்க முடியணும், அதுக்கு அடையாளங்கள் வேணும். இந்த ரூமுக்கு நான் மூணு வைப்பேன், மூணும் வேற வேற ஜாதியா இருக்கணும், ஒண்ணு பொருள், ஒண்ணு சத்தம், ஒண்ணு ஒரு மனுஷன் நடந்துக்கிட்ட விதம். ஒரே ஜாதியில மூணு வச்சா ஒண்ணைப் பிடிச்சவன் மூணையும் பிடிச்சுடுவான், விட்டவன் மூணையும் விட்டுடுவான்.

பொருள் அடையாளம் அந்த வளையம்தான். பெரியவர் செத்தது பதினொரு மணிக்கு, கதவு திறந்தது காலையில ஏழுக்கு, நடுவுல எட்டு மணி நேரம். வளையம் கிடந்த இடம், ரத்தம் மெல்லிசாப் பரவி வந்து நின்ன ஓரம். போலீஸ்காரர் அதை எடுக்கக் குனியறார், வரமாட்டேங்குது, தரையோட ஒட்டிக்கிட்டு இருக்கு, நகத்தால நெம்பி எடுக்கறார், எடுத்த இடத்துல வளையத்தோட அச்சு சுத்தமாத் தெரியுது. வாசகன் இதைப் படிச்சு முகம் சுளிப்பான், கொடூரமான காட்சின்னு நினைச்சுத் தாண்டிடுவான். ஆனா யோசிச்சா இது ஒரு கடிகாரம். அந்த வளையம் காலையில கதவு உடைஞ்சப்போ விழுந்திருந்தா காய்ஞ்ச ரத்தத்து மேல விழுந்திருக்கும், ஒட்டியிருக்காது, அடியில அச்சும் இருந்திருக்காது. ஒட்டியிருக்குன்னா ரத்தம் ஈரமா இருக்கும்போதே அது தரையில இருந்திருக்கு. அப்போ கதவு உடையறதுக்கு ரொம்ப முன்னாடியே வளையம் நிலையில இல்லை. வளையம் இல்லாத நிலையில தாழ்ப்பாள் எதையும் பூட்டாது.

இங்க ஒரு எச்சரிக்கை, ஏன்னா இதை எழுதறவங்க அளவு மீறிப் போவாங்க. ரத்தம் காயற நேரம் எவ்வளவு ரத்தம், என்ன தரை, காத்து எவ்வளவு ஈரம், எவ்வளவு சூடுங்கறதைப் பொறுத்து ரொம்ப மாறும், மெல்லிசா பரவின ஓரம் சீக்கிரம் காயும், நடுவுல தேங்கினது பல மணி நேரம் ஈரமாவே இருக்கும். அதனால காய்ஞ்ச ரத்தத்தை வச்சு "கொலை சரியா பதினொன்னு இருபதுக்கு நடந்தது"ன்னு துப்பறிவாளர் சொன்னா அது ஜோசியம். நமக்கு அவ்வளவு துல்லியம் வேண்டவே வேண்டாம். கதவு திறந்து சில நிமிஷம்தான் ஆச்சா, இல்ல ராத்திரியேவாங்கற ரெண்டே ரெண்டு பதில்ல ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா போதும், அதுக்கு இந்த அடையாளம் தாங்கும். வளையத்தை ஓரத்துல வச்சதுக்குக் காரணமும் இதுதான், நடுவுல வச்சிருந்தா எட்டு மணி நேரம் கழிச்சும் அங்க ஈரம் இருக்கலாம், காலையில விழுந்ததும் நனைஞ்சிருக்கும், அடையாளம் ரெண்டு பக்கமும் வெட்டும் கத்தி ஆயிடும்.

சத்தம். வேலை பார்க்கற அம்மா பின்னாடி சொல்றாங்க, "டம்முன்னு ஒண்ணு, டம்முன்னு இன்னொண்ணு, அப்புறம் கதவு திறந்துச்சு, ஐயாவைப் பார்த்ததும் நான் கத்தினேன்." இதுல இல்லாதது என்னன்னு பாருங்க. மரத்துலேருந்து ஸ்க்ரூவைப் பிய்ச்சுட்டு ஒரு இரும்பு வரும்போது சடசடன்னு மரம் கிழியற சத்தம் வரும், இரும்பு தரையில விழுந்து உருளற சத்தம் வரும். அவங்க பயத்துல எல்லாத்தையும் நுணுக்கமா ஞாபகம் வச்சிருக்காங்க, அது மட்டும் இல்லை. இல்லாத சத்தத்தை அடையாளமா வைக்கறது நியாயமான்னு சில வாசகர்கள் கேப்பாங்க. அவங்க கேக்கறதுல பாதி சரி. வெறுமனே சொல்லாம விட்டா அது எழுத்தாளர் மறந்ததா, வேணும்னே விட்டதான்னு தெரியாது. அதனால அந்தச் சாட்சி மத்த சத்தத்தையெல்லாம் கேட்டவங்கன்னு வாசகனுக்குத் தெரிஞ்சிருக்கணும், அப்போதான் இல்லாதது கணக்குல வரும்.

நடத்தை ரொம்ப எளிசு. அந்தக் கதவை அந்தக் காலையில ஒரே ஒருத்தன்தான் தொட்டான். டாக்டர் ஒரு கை கொடுக்க முன்னாடி வர்றார், அவன் "நீங்க தள்ளி நில்லுங்க டாக்டர், தோள்ல அடிபட்டுடும்"ங்கறான். படிக்கும்போது மரியாதை மாதிரி இருக்கும். இந்த இடத்துலதான் கதையோட அழகு இருக்குன்னு நான் நினைக்கறேன், எப்படி நடந்துச்சுங்கறதைக் கண்டுபிடிச்ச அதே நொடியில யாருங்கறதும் வந்து விழுது. பூட்டாத கதவைப் பூட்டின கதவா நடிக்க வைக்க, அதைத் தொட்டவன் ஒருத்தனால மட்டும்தான் முடியும். நல்ல பூட்டின ரூம் கதையில இந்த ரெண்டு கேள்வியும் தனித்தனியா நிக்காது.

அப்புறம், சரியான தீர்வு கண்டுபிடிக்க முடியறது மட்டும் போதாது, தப்பான தீர்வுகள் எல்லாம் காட்டின விஷயங்களாலேயே அடிபட்டுப் போகணும். இதை நான் என் சொந்தக் கதையில கத்துக்கிட்டேன். பல வருஷம் முன்னாடி ஒரு கதை எழுதினேன், கொலைகாரன் கதவு அடியில நூல் விட்டுத் தாழ்ப்பாளை இழுத்துப் பூட்டினதா முடிச்சேன். அச்சுல வந்ததுக்கு அப்புறம் ஒரு வாசகர் கடிதம் போட்டார், ரெண்டாவது பக்கத்துல மழைத்தண்ணி உள்ள வராம இருக்க கதவுக்கு அடியில உயரமான மரவாசல்படி இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, நூல் எந்த வழியாப் போச்சுன்னு கேட்டார். அவர் சொன்னது முழுக்க சரி, எனக்குப் பதில் இல்லை, அந்தக் கதையைத் தொகுப்புல சேர்க்கவே இல்லை. அன்னையிலேருந்து முதல் வரிக்கு முன்னாடி ரூமோட படம் போட்டுடறேன், கதவு எந்தப் பக்கம் திறக்குது, கீல் உள்பக்கமா வெளிப்பக்கமா, அடியில இடைவெளி எவ்வளவு, தாழ்ப்பாள் கதவு மேல இருக்கா கதவுக்குள்ள பதிச்சதா. இப்போ கட்டின ரூமையே எடுத்துக்கங்க, கதவு வெளிப்பக்கமா திறக்கறதுன்னு ஒரு வரி தப்பா எழுதினா கதையே செத்துடும். நீட்டின தாழ்ப்பாள் கம்பி நிலைச்சட்டத்தோட உள்பக்கத்துல உட்கார்ந்திருக்கு, உள்ள தள்ளினா எதுவும் தடுக்காது, வெளிய இழுத்தா கம்பியே நிலையில முட்டி நிக்கும், வளையமே தேவையில்லை. உள்பக்கமா திறக்கற கதவுங்கறதை வாசகனுக்கும் முன்கூட்டியே சொல்லணும், ஆனா தகவலாச் சொல்லாதீங்க, முதல் அத்தியாயத்துல யாராவது கதவைத் தள்ளிட்டு உள்ள வரும்போது அது பின்னாடி இருக்கற புத்தக அடுக்குல இடிச்சா போதும். அந்த வீட்டுச் சட்டமும் அப்படித்தான், கதவைத் தொடக்கூடாதுங்கறது கொலைக்கு முன்னாடியே ஒரு சின்னச் சண்டையா வந்திருக்கணும். இல்லன்னா, வேலை பார்க்கற அம்மா ஏன் கைப்பிடியைத் திருப்பிப் பார்க்கலைன்னு முதல் கேள்வியே அங்க வரும், அவங்க திருப்பியிருந்தா கதவு திறந்திருக்கும்.

இப்போ தப்பான வழிகளை அடைக்கலாம். நூல் தந்திரம்னு ஒருத்தன் சொல்லுவான், துப்பறிவாளர் ஒரு காகிதத்தை மடிச்சுக் கதவு அடியிலயும் ஓரத்துலயும் விட்டுப் பார்க்கட்டும், போகலை, முடிஞ்சது. ஸாங்வில் படிச்சவன் உடனே "முதல்ல உள்ள போனவன்தான் அப்போ வெட்டினான்"னு சொல்லுவான், ஆள் பாதிக்குப் பாதி சரியாவும் இருக்கும், ஆனா ரத்தம் காய்ஞ்சிருக்குங்கறது அதை அடிச்சுடும். தற்கொலைதான்னு நிக்கறவனுக்கும் அதே வளையம் பதில் சொல்லும், தற்கொலை பண்ணிக்கறவர் தன் வளையத்தைத் தானே கழட்டிப் போட்டுட்டு தாழ்ப்பாளை நீட்டி வைக்க எந்தக் காரணமும் கிடையாது. ஒரே அடையாளம் ரெண்டு தப்பான வாசலை அடைச்சு மூணாவதைத் திறந்து விடுது. உங்க கதையில அந்த மாதிரி ஒரு பொருள் இருக்கான்னு தேடுங்க, இல்லன்னா ஒவ்வொரு தப்பான தீர்வுக்கும் தனித்தனியா ஒரு காட்சி வச்சு மறுக்கணும், நடுப்பகுதி விசாரணை அறிக்கை மாதிரி ஆயிடும்.

அடையாளத்தை எங்க வைக்கறதுங்கறதுக்கு என்கிட்ட ரெண்டு பழக்கம்தான் இருக்கு. ஒண்ணு, மனசை உலுக்கற விஷயத்துக்கு ஒரு வரி முன்னாடி வைப்பேன். வளையத்தை நெம்பி எடுத்த அடுத்த வரியில பெரியவர் மேஜையில பாதியில நின்ன கடிதம் கிடைக்கணும், வாசகன் கடிதத்துக்கு ஓடுவான். இன்னொண்ணு, முக்கியமான அடையாளம் ரெண்டு தடவை வரணும், ரெண்டாவது தடவை வேற வேஷத்துல. முதல்ல ஒட்டின வளையமா வந்துச்சா, அப்புறமா ஸ்டேஷன்ல சாமான் பட்டியல் எழுதறவர் "வளையம் ஒண்ணு, அடியில ரத்தம் உறைஞ்சு இருக்கு, ஸ்க்ரூ ரெண்டு, மரத்தூள் இல்லை"ன்னு எழுதிட்டுப் போவார். ஒரே தடவை வந்து கண்ணுல படாம போன அடையாளத்தை வச்சு ஜெயிச்சா, வாசகன் அதை நியாயம்னு ஒத்துக்க மாட்டான், ஒத்துக்காதது தப்பும் இல்லை. அளவுக்கு மீறின விசேஷ அறிவும் அப்படித்தான், ஒரு ரசாயனமோ ஒரு மெஷினோ எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சாத்தான் தீர்வுன்னா அந்த வேலையை நடுப்பகுதியிலேயே வேற ஏதோ சாக்குல ஒருத்தர் பண்ணிக் காட்டிடணும்.

இன்னொரு விஷயம், கொலைகாரன் எதுக்காக ரூமைப் பூட்டினான்னு உங்க கதையில பதில் இருக்கான்னு பாருங்க. எனக்கு வர்ற கதைகள்ல இதுதான் அடிக்கடி காணாம போற பக்கம். நம்ம அண்ணன் மகனுக்குக் காரணம் இருக்கு, பூட்டின கதவு இருந்தாத்தான் அது தற்கொலை. கத்தி கையில இல்லாம, குத்து முதுகுல இருந்து, ரூம் மட்டும் பூட்டியிருந்தா அவனுக்கு என்ன லாபம்? போலீஸ் குழம்பும், அவ்வளவுதானே, அதுக்காக எவனும் ராத்திரி பிணத்துக்குப் பக்கத்துல நின்னு ஸ்க்ரூ கழட்ட மாட்டான். போங்காட்டம்னு சொல்ற சில பேருக்கு உண்மையில உறுத்தினது இதுவா இருக்கும், அவங்களுக்குச் சொல்லத் தெரிஞ்சிருக்காது.

சோதிச்சுப் பார்க்கறதுக்கு எல்லரி குவீன் பேர்ல எழுதினவங்க 1929ல முதல் நாவல்லேருந்தே பண்ணின ஒரு வேலை உங்களுக்கு உதவும். முடிவுக்கு முன்னாடி கதையை நிறுத்தி, வேண்டிய விஷயம் எல்லாம் இப்போ உங்க கையில இருக்கு, கண்டுபிடிங்கன்னு வாசகனுக்கு ஒரு சவால் பக்கம் போடுவாங்க. நீங்க அச்சுல போட வேண்டாம், டிராஃப்ட்ல போடுங்க. அந்தப் பக்கத்துல நின்னுட்டு, துப்பறிவாளர் கடைசில சொல்லப்போற ஒவ்வொரு காரணத்துக்கும் பக்க எண் எழுதுங்க. பக்க எண் கிடைக்காத காரணம் ஒண்ணு இருந்தாலும் உங்க ஃப்ரெண்ட்ஸ் சொன்னது சரி. அதுக்கப்புறம் கடைசி அத்தியாயத்தை எடுத்துட்டு புது ஆள் ரெண்டு மூணு பேருக்குக் கொடுங்க, கண்டுபிடிச்சாங்களான்னு கேக்காதீங்க, யார் மேல சந்தேகம், எந்த வரியில வந்துச்சுன்னு கேளுங்க. பிறகு முடிவைக் கொடுத்துட்டு கூடவே உட்காருங்க. படிச்சு முடிச்சதும் கை தானா பழைய பக்கத்தைத் திருப்புதான்னு மட்டும் கவனிங்க. முதல் டிராஃப்ட்ல "விழுந்தது", "உடைத்தார்கள்", "தாழிட்டிருந்தது" மூணு வார்த்தையும் எங்கெங்க வருதுன்னு தேடி, அதை யார் சொல்றாங்கன்னு பார்த்துட்டு அப்புறமா எனக்கும் அனுப்புங்க, படிச்சுட்டுச் சொல்றேன்.